பத்துக் கோடி என்று அச்சடிக்கும் முன்

விளம்பரத் தட்டியிலும் கையேட்டிலும் “பத்துக் கோடி மூலதனம் கொண்ட நிறுவனம்” என்று அச்சடிக்கக் கொடுக்கிறவர்களே, அதைப் படித்துவிட்டுப் பணத்தையோ சரக்கையோ தூக்கிக் கொடுக்கிறவர்களே, இரு தரப்பாரும் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். அந்தப் பத்துக் கோடி பெரும்பாலும் யாரும் போட்ட பணம் அல்ல. அந்த நிறுவனம் பங்குகளாக வெளியிட்டுக்கொள்ளலாம் என்று பதிவு ஆவணத்தில் எழுதி வைத்திருக்கும் மேல் எல்லை மட்டுமே. அதைச் சட்டம் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் என்கிறது. கடைவீதியில் ‘ஆதரைஸ்டு’ என்கிறார்கள்.

குதிர் பத்துக் கோட்டை நெல் கொள்ளும் என்பதால் அதற்குள் பத்துக் கோட்டை நெல் இருக்கிறது என்று திருமங்கலத்து விவசாயி யாரும் நம்பமாட்டார். மூடியைத் திறந்து பார்ப்பார். நிறுவனங்களின் விஷயத்தில் மட்டும் நாம் குதிரின் கொள்ளளவையே நெல்லாக எண்ணிக்கொள்கிறோம்.

நேர்மையாக இந்த எண்ணைக் கையாள்வது எப்படி என்பதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மதுரையில் 1901-இல் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்று வகுத்தார்கள். அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். இப்படி வகுத்ததாலேயே பெட்டியில் 10 லட்சம் வந்துவிடவில்லை. ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகள் வாங்கி 2 லட்சம் ரூபாய் தந்தார். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு பெரிய தொகையைத் தந்தும், வகுத்த மூலதனத்தில் அது ஐந்தில் ஒரு பங்குதான். மீதிப் பங்குகளுக்கு ஆள் தேட வ.உ.சி. பம்பாய் வரை அலைய வேண்டியிருந்தது. 10 லட்சம் என்பது அவர்கள் எட்ட நினைத்த இலக்கு. கப்பல் வாங்க உதவியதோ மக்கள் உண்மையில் செலுத்திய பணம். வெள்ளையர் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் கண்டபடி குறைத்தபோது, வகுத்து வைத்த இலக்கால் அதை எதிர்த்து நிற்க முடியவில்லை. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. நல்ல நோக்கமும் நாடறிந்த பெயரும் இருந்த இடத்திலேயே எழுதிய எண்ணுக்கும் வந்த பணத்துக்கும் இத்தனை தூரம் என்றால், முகம் தெரியாத நிறுவனத்தின் கையேட்டை எவ்வளவு கவனமாகப் படிக்க வேண்டும்!

இன்றைய கணக்கு ஒன்றை எடுத்துப் பார்ப்போம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் லிமிடெட் நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பங்கு ஒன்றின் முகமதிப்பு 10 ரூபாய். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 5 கோடி, அதாவது 50 லட்சம் பங்குகள் வரை வெளியிடலாம். ஆனால் இதுவரை 4 லட்சம் பங்குகளைத்தான் வெளியிட்டிருக்கிறது. வெளியிட்ட மூலதனம் 40 லட்சம். அதிலும் 3 லட்சம் பங்குகளுக்குத்தான் ஆள் கிடைத்திருக்கிறது. ஒப்பிய மூலதனம் 30 லட்சம். அந்தப் பங்குகளுக்கும் பாதிப் பணமான 5 ரூபாயைத்தான் நிறுவனம் கேட்டு வாங்கியிருக்கிறது. ஆக, செலுத்தப்பட்ட மூலதனம், நாம் பெய்டு-அப் என்பது, 15 லட்சம். ஐந்து கோடி என்று தொடங்கிய பேச்சு பதினைந்து லட்சத்தில் வந்து நிற்கிறது. இதில் எங்கும் பொய்க்கணக்கு இல்லை. ஒவ்வொரு எண்ணும் சட்டப்படி சரி. ஐந்து கோடியை மட்டும் எடுத்து வெளியே சொல்லும்போதுதான் பொய் பிறக்கிறது.

இந்த எண்கள் ஒவ்வொன்றும் ஒரு சேதி சொல்கின்றன. அங்கீகரிக்கப்பட்டது, பங்கு வெளியீட்டில் எந்த எல்லை வரை போக இடம் வைத்திருக்கிறார்கள் என்று காட்டுகிறது. பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, கட்டணம் செலுத்தி, 30 நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவித்தால் அந்த எல்லையை உயர்த்திக்கொள்ளலாம். இன்று நிறுவனத்தைத் தொடங்கும்போது 15 லட்சம் வரையிலான அங்கீகாரத்துக்கு மத்திய அரசின் பதிவுக் கட்டணமே கிடையாது. வெளியிட்டது, அந்த இடத்தில் எவ்வளவைப் பயன்படுத்தத் துணிந்தார்கள் என்று சொல்கிறது. செலுத்தப்பட்டது, முதலாளிகளும் பங்குதாரர்களும் தங்கள் கையிலிருந்து எவ்வளவு இறக்கினார்கள் என்று சொல்கிறது. ஒப்பியதற்கும் செலுத்தியதற்கும் உள்ள வித்தியாசம், நம் கணக்கில் 15 லட்சம், பங்குதாரர்கள் இன்னும் தர வேண்டிய பாக்கி. நிறுவனம் கேட்கும்போது அவர்கள் அதைத் தந்தே ஆக வேண்டும்.

வெளியிட்டதற்கும் அங்கீகரிக்கப்பட்டதற்கும் உள்ள இடைவெளியை, பங்கு வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 10 லட்சம், வெளியிட்டு முடித்ததும் 10 லட்சம் என்று இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஒருவர் உங்களிடம் 2 லட்சத்துக்குப் புதுப் பங்கு தருகிறேன் என்கிறார். எல்லை உயர்த்தப்படும் வரை அந்தப் பங்கைக் கொடுக்க இடமே இல்லை. எல்லையை உயர்த்திய தீர்மானத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள். முறைப்படி தனிப்பட்ட அழைப்பின் பேரில் வாங்கிய விண்ணப்பப் பணத்துக்கு 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். இல்லையேல் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதையும் தவறினால் 12 சதவீத வட்டி சேர்கிறது. “கொஞ்ச நாள் பொறுங்க அண்ணே” என்று மாதக்கணக்கில் இழுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது என்று கேட்பீர்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் நிறுவனத்தின் அடிப்படை விவரப் பக்கத்தைப் பணம் கட்டாமலே பார்க்கலாம். பதிவு எண், தொடங்கிய தேதி, முகவரி இவற்றோடு Authorised Capital, Paid up Capital என்று இரண்டு வரிகள் இருக்கும். கண் முதலில் இரண்டாவது வரிக்குப் போகட்டும். வெளியிட்டதும் ஒப்பியதும் ஆண்டு இருப்புநிலைக் குறிப்பின் விளக்கத்தில்தான் கிடைக்கும். 100 ரூபாய் கட்டினால் அந்த ஆவணத்தை எடுத்துப் படிக்கலாம்.

அந்த 100 ரூபாயைச் செலவழிக்க மிகப் பெரிய காரணம் ஒன்று உண்டு. செலுத்தப்பட்ட மூலதனம் என்பது என்றோ உள்ளே வந்த பணத்தின் பதிவு. இன்று கையில் இருக்கும் பணத்தின் கணக்கு அல்ல. நம் கப்பலூர் நிறுவனம் மூன்று ஆண்டுகளில் 11 லட்சம் நட்டப்பட்டிருந்தாலும் அடிப்படை விவரப் பக்கத்தில் செலுத்தியது 15 லட்சம் என்றே இருக்கும். உண்மையில் பங்குதாரர்களின் பணத்தில் மிஞ்சியது 4 லட்சம். இதைச் சொல்வது, பங்கு மூலதனத்துக்குக் கீழே வரும் காப்பும் உபரியும் என்ற வரிதான். இதற்கு நேர் எதிரும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனம் ஏறத்தாழ 4 கோடியே 24 லட்சம் ரூபாய்தான். ஆனால் பல்லாண்டு லாபம் சேர்ந்து அதன் சொந்த நிதி பல ஆயிரம் கோடி. ஆகவே சிறிய பெய்டு-அப்பைக் கண்டவுடன் ஏமாற்று என்று முடிவு கட்டாதீர்கள். பெரியதைக் கண்டு மயங்கவும் வேண்டாம். அதைக் காப்பும் உபரியும் என்ற வரியோடு சேர்த்துப் படியுங்கள்.

இனி நடத்துகிறவர்களுக்கு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 60-ஆவது பிரிவை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுப் படியுங்கள். அறிவிப்பிலோ விளம்பரத்திலோ கடிதத் தாளிலோ பில்லிலோ அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தைப் போட்டால், அதே அளவு கண்ணில் படும் இடத்தில், அதே அளவு தெளிவான எழுத்தில், ஒப்பிய மூலதனத்தையும் செலுத்தப்பட்ட மூலதனத்தையும் போட்டே ஆக வேண்டும். தவறினால் ஒவ்வொரு முறைக்கும் நிறுவனத்துக்கு 10,000 ரூபாயும் பொறுப்பான அதிகாரி ஒவ்வொருவருக்கும் 5,000 ரூபாயும் தண்டம். இது புதிய கெடுபிடி அல்ல. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விதி 148-ஆவது பிரிவாக இருந்தது. பெரிய எண்ணைத் தனியாகக் காட்டினால் படிக்கிறவர் ஏமாறுவார் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்தே இருந்தார்கள். தண்டம் சிறிது என்று அலட்சியம் செய்யாதீர்கள். உங்கள் 5 கோடியை நம்பிக் கீழமாசி வீதி மொத்த வியாபாரி கடனுக்கு மூட்டைகளை ஏற்றிவிட்டால், நிறுவனம் சரிந்த நாளில் அவர் வசூலிக்கக்கூடியது நிறுவனத்தில் மிஞ்சியதையும் பங்குதாரர் பாக்கியையும்தான். லிமிடெட் என்ற சொல் உங்கள் வீட்டைக் காக்கிறது. அவர் வீட்டைக் காக்க யார் இருக்கிறார்கள்?

மாதாந்திர வட்டிக்குப் பணம் சேர்க்கும் முகவர்களே, உங்களுக்குத்தான் இதில் பெரிய பொறுப்பு. தனியார் லிமிடெட் நிறுவனம் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கவே கூடாது. அதை மறைக்கத்தான் பல இடங்களில் “கவர்மென்ட் அங்கீகாரம் பெற்ற மூலதனம்” என்ற வார்த்தை உதவிக்கு வருகிறது. நிறுவனம் தானே குறித்துக்கொண்ட எல்லையைப் பதிவாளர் பதிவு செய்திருக்கிறார். அரசாங்கம் அந்தப் பணத்துக்கு ஜாமீன் நிற்கவில்லை. இது தெரிந்தும் உறவினரிடமும் தெருக்காரரிடமும் அந்த வார்த்தையைச் சொல்வது பாவம். தெரியாமல் சொன்னால் அடுத்த வீட்டு வாசலில் நிற்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள். ஏமாந்தவர்கள் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் காக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் புகார் கொடுக்கலாம். அதற்கென மதுரையில் சிறப்பு நீதிமன்றமே இருக்கிறது. ஆனால் அங்கே போய் நிற்கும் நிலை வராமல் காப்பது உங்கள் வாயில்தான் இருக்கிறது.

நிறுவனம் நடத்துகிறவர்களே, அடுத்த கடிதத் தாள் அச்சுக்குப் போகும் முன் அங்கீகரிக்கப்பட்டதை எடுத்துவிடுங்கள். போட்டே தீர வேண்டுமானால் செலுத்தப்பட்டதையும் ஒப்பியதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். பணம் கொடுக்கப் போகிறவர்களே, எவ்வளவு மூலதனம் என்று கேட்காதீர்கள். எவ்வளவு செலுத்தியிருக்கிறீர்கள், அதில் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் காகிதத்தோடு பதில் வரும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.