இடைவெளிக்கு ஒரு பத்தி

ஆடிப்பெருக்கு, ஞாயிறு

போன வாரம் நாளிதழிலிருந்து கத்தரித்து வைத்த விளம்பரத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். கணக்குப் பிரிவுக்கு ஆள் வேண்டும். மாதாந்தர ஜிஎஸ்டி தாக்கல், இ-இன்வாய்ஸ், சப்ளையர் கணக்குகளை ஒத்துப் பார்த்தல், டேலி தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு வரி: தாக்கல் நாட்களில் கூடுதல் நேரம் இருக்க நேரிடும். பத்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

என் பயோடேட்டாவில் 2016-லிருந்து 2023 ஜூன் 30 வரை ஒரே கம்பெனி. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அந்த வெறும் இடத்துக்காகத்தான் கடிதத்தில் ஒரு பத்தி எழுத வேண்டும். மற்றதெல்லாம் பயோடேட்டாவே சொல்லிவிடும்.

முதலில் வந்த வரி, "தவிர்க்க இயலாத தனிப்பட்ட காரணங்களால் பணியிலிருந்து விலக நேர்ந்தது." எழுதியதும் அடித்துவிட்டேன். பழைய ஆபீஸில் இரண்டு முறை ஆள் எடுத்தபோது வந்த விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கும் வேலை என்னுடையது. தேதிகளின் மேல் பென்சிலை வைத்து இறக்கிக்கொண்டே போவேன். "தனிப்பட்ட காரணங்கள்" என்று வரும் இடத்தில் பென்சில் நின்றுவிடும். சண்டையா, கையாடலா, நோயா என்று மனசு தானாகவே எதையாவது போட்டு நிரப்பும். அப்படி நிரப்பியது ஒருபோதும் நல்லதாக இருந்ததில்லை. காரணத்தைச் சொல்லாமல் விட்டால் காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் படிப்பவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

திங்கள்

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகப் போகிறது. ஆனாலும் முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பிறர் எழுதிவைத்த வாக்கியங்கள். அவற்றில் என் இரண்டு வருடம் உட்கார மறுக்கிறது.

இன்று எழுதியது ஒன்றரைப் பக்கம் போயிற்று. 2023 ஜூனில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, வலது கையும் காலும் விளங்காமல் போனது, மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றியது, படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தது, எல்லாம் அதில் இருந்தது. எழுதும்போது தேவைப்பட்டது. எழுதி முடித்தபின் படித்தால், முன்பின் தெரியாத ஒருவரிடம் இரக்கம் கேட்டு நிற்பதாகத் தெரிந்தது. அந்த மனிதருக்குத் தெரிய வேண்டியது அது இல்லை. ஏன் போனாய், இப்போது வர முடியுமா, மறுபடி போய்விடுவாயா, நடுவில் மாறியதெல்லாம் தெரியுமா என்பதுதான். அந்த ஒன்றரைப் பக்கத்தில் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் இருந்தது.

அப்பாவின் நோயை எத்தனை வரி சொல்வது என்பதும் நான் மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை. உடம்பு அவருடையது. சாயங்காலம் கேட்டேன். பேச்சு இன்னும் குழறுகிறது, நிதானமாகக் கேட்டால் புரியும். "பக்கவாதம்னே போடு. அதுல என்ன இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "குழாய் போட்டதெல்லாம் வேண்டாம்" என்றார்.

புதன்

நேற்று அக்காவின் தோழி ஒருத்தி சொன்ன யோசனை. மாதங்களை எடுத்துவிட்டு வருஷத்தை மட்டும் போடு, இடையில் "சுயதொழில் கணக்கு ஆலோசனை" என்று ஒரு வரி சேர், யார் கேட்கப் போகிறார்கள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சேரும்போது பிஎஃப் எண்ணைக் கேட்பார்கள். அதன் சேவை விவரத்தில் எந்த நிறுவனத்தில் எந்த நாள் சேர்ந்தேன், எந்த நாள் விலகினேன் என்பது இருக்கும். அதுவும் போகட்டும். ஆலோசனை சொன்னேன் என்றால் யாருக்கு, எந்த மாதத் தாக்கல் என்று நேர்காணலில் ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும். ரசீது இல்லாத செலவை வவுச்சரில் எழுதுவது போலத்தான் அதுவும். நான் செய்ததில்லை.

இன்னொரு ஆசையும் வந்தது. அதை விடுவது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. அப்பாவுக்காக ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருந்தேன். தேதி, நேரம், மாத்திரை, ரத்த அழுத்தம் மேலே கீழே, குடித்த தண்ணீர், போன சிறுநீர். பக்கத்துக்குப் பக்கம் அடியில் தண்ணீரைக் கூட்டி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன், லெட்ஜர் எழுதும் கை அப்படி. இதை "திட்டமிடல் திறன்" என்று எழுதலாமே என்று தோன்றியது. நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் கஞ்சி சிந்திய கறை. திறனைக் காட்டுவதற்காக அந்த நோட்டை நான் எழுதவில்லை. திருப்பூர்க்காரர் கேட்பது சப்ளையர் கணக்கை ஒத்துப் பார்க்கும் ஆளை. நோட்டை அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

வியாழன்

இன்று விளம்பரத்தின் வரிகளுக்குப் பக்கத்தில் என் நிலையை எழுதிப் பார்த்தேன். இதைச் செய்த பிறகுதான் பத்தி உருவம் பெற ஆரம்பித்தது.

இ-இன்வாய்ஸ். இதில்தான் என் இடைவெளி வெளிப்படையாகத் தெரிகிறது. நான் விலகிய சமயத்தில் ஆண்டு விற்பனை 10 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்குத்தான் அது கட்டாயம். என் பழைய கம்பெனியில் 7 கோடிக்குப் பக்கம். 2023 ஆகஸ்ட் 1 முதல் வரம்பு 5 கோடிக்கு இறங்கியது. ஒரு மாதம் முன்னால் நான் வெளியே வந்துவிட்டேன். ஆகவே சம்பளத்துக்கு வேலை பார்த்து ஒரு இ-இன்வாய்ஸ்கூடப் போட்டதில்லை.

சப்ளையர் கணக்கு. நான் பார்த்தபோது பதினான்காம் தேதி 2பி வரும், அதை வாங்கிய பில்களோடு ஒத்துப் பார்ப்போம். நம் புத்தகத்தில் இருந்து 2பி-யில் இல்லாத பில்லுக்கு அந்த மாதம் உள்ளீட்டு வரி கிடையாது. சப்ளையருக்குப் போன் போட வேண்டும். பெரும்பாலும் மார்ச் 31 தேதியிட்ட பில்லை ஏப்ரல் விற்பனையோடு ஏற்றியிருப்பார்கள், அல்லது நம் ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும். இந்தப் பாடு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் 2024 அக்டோபரிலிருந்து அதற்கு முன்னால் ஒரு படி வந்திருக்கிறது, ஐஎம்எஸ். சப்ளையர் ஏற்றிய பில்லை நாம் ஏற்கலாம், மறுக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே கணக்கு. தவறிப்போய் மறுத்துவிட்டால் அந்த வரி 2பி-யில் வராது, 3பி தாக்கலுக்கு முன் கவனித்து மாற்றி மறுபடி கணக்கிட வைக்க வேண்டும்.

அப்புறம் சாயப்பட்டறை, பிரிண்டிங், காம்பாக்டிங் பில்கள். பின்னலாடைக் கம்பெனி என்றால் இவைதான் அதிகம். இவர்கள் பெரும்பாலும் சிறு, குறு தொழில் பதிவு உள்ளவர்கள். இவர்களுக்குப் பணம் தருவதில் ஒரு விதி 2023-24 கணக்காண்டிலிருந்து வந்திருக்கிறது, சரிபார்த்தேன். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தராமல் வருடக் கடைசியைத் தாண்டினால் அந்தச் செலவை அந்த வருடம் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. கொடுக்கிற வருடத்தில்தான் கழிக்கலாம். நான் எந்த வருடக் கணக்கையும் இந்த விதியோடு முடித்ததில்லை.

மே மாதத்திலிருந்து எங்கள் தெருவிலுள்ள ஆடிட்டர் ஆபீஸுக்கு வாரத்தில் மூன்று சாயங்காலம் போய்க்கொண்டிருக்கிறேன். சம்பளம் கிடையாது. அங்கே இரண்டு சிறு கிளையன்ட்களுக்கு ஐஎம்எஸ் பார்க்கிறேன், இ-இன்வாய்ஸ் போடுகிறேன். தவறாகப் போட்டதை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும் என்பதை முதல் வாரமே ஒரு தவறு செய்துதான் கற்றேன். ஆடிட்டர் சரிபார்த்த பிறகே எதுவும் தாக்கலாகும். ஆகவே "தாக்கல் செய்தேன்" என்று எழுத எனக்கு உரிமையில்லை. "அவர் மேற்பார்வையில் தயாரித்தேன்" என்று எழுதலாம். இந்த ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வீணாகப் போனதாகத் தோன்றவில்லை.

வெள்ளி

மறுபடி போய்விடுவாயா என்ற கேள்வியைத்தான் எழுதத் தயங்கினேன். அப்பா வாக்கரைப் பிடித்துக் கழிவறை வரை போகிறார். பகலில் ஓர் அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார், காலை எட்டு முதல் மாலை ஏழு வரை. தாக்கல் நாட்களில் அண்ணி வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர் தலையாட்டியதை நம்பி நான் ஒரு நிறுவனத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது. "இனி எந்தச் சிக்கலும் வராது" என்று முதலில் எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டேன். எண்பதை நெருங்கும் மனிதரைப் பற்றி யாரும் அப்படி எழுத முடியாது. ஏற்பாட்டைச் சொல்லலாம், எதிர்காலத்தைச் சொல்ல முடியாது.

சனி

பத்தி இப்படி வந்திருக்கிறது:

"2023 ஜூன் 30-க்குப் பிறகு நான் பணியில் இல்லை. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட தந்தையை வீட்டில் இருந்து கவனித்துக்கொண்டேன். இப்போது பகல் நேரத்துக்கு ஆள் இருக்கிறார். மாலை 7 மணிக்குள் நான் வீடு திரும்ப வேண்டும், தாக்கல் நாட்களில் இரவு 9 வரை இருப்பதற்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். தங்கள் விளம்பரத்தில் உள்ளவற்றில், டேலி எனக்கு ஏழு வருடப் பழக்கம், மாதாந்தரத் தாக்கலும் 2பி ஒத்துப் பார்ப்பதும் பழைய வேலையில் செய்தவை. இ-இன்வாய்ஸும் ஐஎம்எஸ்ஸும் நான் விலகிய பின் என் வேலைக்குள் வந்தவை. கடந்த மூன்று மாதங்களாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அவர் மேற்பார்வையில் இரண்டு சிறு நிறுவனங்களுக்குத் தயாரித்து வருகிறேன். தங்கள் அளவிலான நிறுவனத்துக்குத் தனியாகச் செய்ததில்லை; முதல் இரண்டு தாக்கல்களை ஒருவர் சரிபார்க்க வேண்டியிருக்கும். ஆடிட்டரிடம் தாங்கள் பேசலாம்."

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தந்தைன்னு ஏன் போட்ட" என்றார். கடிதத்தில் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார். பிறகு ஏழு மணி விஷயம் வேண்டுமா என்று கேட்டார். அது இல்லாமல் வேலை கிடைத்தால் முதல் வாரத்திலேயே சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்டு நான் நிற்க வேண்டிவரும் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. இடது கையால் தாளைத் தன் பக்கம் இழுத்து மெதுவாகத் தானே ஒருமுறை படித்தார்.

ஆங்கிலத்தில் மாற்றும் வேலை மிச்சம் இருக்கிறது. மாற்றியபின் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும், "மேற்பார்வையில்" விட்டுப்போகாமல். நாளை காலை அனுப்பிவிடுவேன்.