பகைவனுக்கு மறுத்த சோறு

2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்யப் படை கீவ் நகரை நெருங்கியபோது, உக்ரைன் ராணுவம் இர்பின் ஆற்று அணையைத் தானே உடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டது. வயல்வெளி சேறும் குளமுமானது, டாங்கிகளால் கடக்க முடியவில்லை, தலைநகரம் தப்பியது. டெமிதிவ் என்ற கிராமத்தில் மட்டும் வீட்டு நிலவறைகளிலும் தோட்டங்களிலும் வெகுநாள் தண்ணீர் வடியாமல் நின்றது. உலகப் பத்திரிகைகள் அதை வீரச்செயலாக எழுதின. அந்த ஊர்க்காரர்கள் பலரும் வருந்தவில்லை என்றே சொன்னார்கள். சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பாராட்டைப் படித்துவிட்டு, தன் மண்ணைத் தானே பாழாக்குவது எப்போதும் தியாகமே என்று நம்பத் தொடங்குவது ஆபத்து. தன் குடிகளின் சோற்றை அழித்துப் பகைவனைப் பட்டினி போட எந்த அரசுக்கும் உரிமை கிடையாது. அந்தக் குடிகளுக்கு வேறு சோறு ஏற்பாடு செய்த பிறகே அதைப் பற்றிப் பேசவேனும் முடியும்.

இந்தப் போர்முறையின் கணக்கு எளிது. படையெடுத்து வருபவன் வழியில் கிடைக்கும் தானியத்தையும் தீவனத்தையும் வண்டிமாட்டையும் கூரையையும் நம்பி வருகிறான். அவற்றை எரித்தோ அகற்றியோ விட்டால் அவன் திணறுவான். 1812இல் நெப்போலியன் ரஷ்யாவில் அப்படித்தான் திணறினார். இந்த முறை பலிக்கும் என்பதற்கு அது போதுமான சான்று, மறுக்கவில்லை. ஆனால் படைக்குப் பின்னால் அதன் உணவு வண்டிகளும் கப்பல்களும் தாமதமாகவேனும் வரக்கூடும். குடியானவனுக்குப் பின்னால் எதுவும் வராது. அவன் களஞ்சியமே அவனுக்கு முதலும் கடைசியும்.

இது வெறும் தர்க்கமல்ல என்பதற்கு 1942இன் வங்காளம் சாட்சி. அந்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி வருவது நின்றது. ஜப்பானியர் கடல் வழியாக வங்கக் கரையில் இறங்கினால் அங்கே அவர்களுக்கு அரிசியும் படகும் கிடைக்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு முடிவு செய்தது. இதற்கு 'மறுப்புக் கொள்கை' என்று பெயர். மிட்னாப்பூர், பாக்கர்கஞ்ச், குல்னா போன்ற கடலோர மாவட்டங்களில் 'உபரி' என்று அதிகாரிகள் கணித்த அரிசி முகவர்கள் மூலம் வாங்கி அகற்றப்பட்டது. மாகாணப் பிரதமர் பஸ்லுல் ஹக், ஆளுநர் ஜான் ஹெர்பர்ட் அமைச்சர்களைக் கலக்காமல் ஓர் அதிகாரிக்கு நேரடியாக உத்தரவிட்டுவிட்டார் என்று குற்றம் சாட்டினார். அகற்றிய அரிசி சுமார் 40,000 டன். மாகாணத்தின் மொத்த விளைச்சலோடு ஒப்பிட்டால் இது சொற்பம் என்று பின்னாளில் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் உபரி என்பது ஒரு குடும்பத்தின் அடுத்த ஆண்டுப் பாதுகாப்பு, விதைநெல், கடனுக்கு ஈடு. அரசே அவசரமாக வாங்குகிறது என்று கண்டதும் இருப்பு வைத்திருந்தவன் இன்னும் பதுக்கினான், விலை ஏறியது.

அரிசியைவிடப் படகுதான் பெரிய கொடுமை. பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளை எல்லாம் பதிவு செய்து, குறித்த இடங்களில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. பதிவானவை 66,563, சில மாதங்களில் அந்தப் பகுதியில் எஞ்சியவை ஏறக்குறைய 20,000. மற்றவற்றை உடைத்தார்கள், மூழ்கடித்தார்கள். நிறுத்தி வைத்தவற்றில் பல கவனிப்பாரின்றி மக்கிப்போயின. கீழ் வங்காளத்தின் கழிமுகத்தில் சாலை என்பதே பெரும்பாலும் ஆறுதான். எதிரே தெரியும் மணல்திட்டில் உழப் போவதற்குப் படகு வேண்டும். அறுத்த நெல்லைக் களத்துக்குக் கொண்டுவரப் படகு வேண்டும். மீனவனுக்குக் கடலோடு பேசுவதே படகின் வழியாகத்தான். படகை இழந்த அந்த மக்களின் நிலையைக் கை கால் வெட்டப்பட்ட உடலுக்கு ஒப்பிட்டுக் காந்தி அந்த ஆண்டே ஹரிஜன் இதழில் கண்டித்தார். நஷ்டஈடு உண்டு, ஆனால் அது படகின் சொந்தக்காரருக்கு. வாடகைப் படகில் வலை வீசியவனுக்கு என்ன கிடைத்தது?

அக்டோபரில் மிட்னாப்பூரைப் புயல் தாக்கியது. டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு 13, 14 ரூபாய் விற்ற அரிசி, அடுத்த மே மாதத்தில் 30 ரூபாயானது. 1943இன் பஞ்சத்தில் இறந்தவர்கள் 15 லட்சம் என்றது அரசின் விசாரணைக் குழு. பிற்கால ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். அந்தச் சாவுகள் அனைத்தையும் இந்தக் கொள்கையின் கணக்கில் எழுத முடியாது. போர்க்காலப் பணவீக்கம், மாகாணங்களுக்கிடையே தானியத் தடை, லண்டன் கப்பல் தர மறுத்தது எனப் பழி பலருக்கும் உண்டு. ஆனால் யார் முதலில் வீழ்ந்தார்கள் என்று பார்த்தால் படகு உத்தரவின் கைவரிசை தெரியும். அமர்த்தியா சென் தொழில் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மிக மோசமாக அடிபட்டவர்களில் விவசாயக் கூலிகளோடு மீனவர்களும் போக்குவரத்துத் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஜப்பானியரோ அந்தக் கரையில் இறங்கவே இல்லை.

அற நூல்கள் இதில் என்ன சொல்கின்றன? வள்ளுவர் நல்ல நாட்டுக்கு இருக்கக் கூடாதவற்றை வரிசைப்படுத்தும்போது கடும்பசியை முதலிலும் பகையைக் கடைசியிலும் வைக்கிறார். பகைக்கு அஞ்சிப் பசியைத் தானே வரவழைக்கும் அரசு அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. நெட்டிமையார் புறநானூற்றில் பாடிய பாண்டியன், அம்பு விடுமுன் பசுக்களையும் பெண்களையும் நோயாளிகளையும் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்லி அறிவித்தான். அவர்கள் பகைவன் நாட்டார். தன் நாட்டாருக்கு அந்த அறிவிப்புகூட இல்லையென்றால் அது என்ன அரசு? சினத்தின் உச்சியில் மதுரையை எரித்த கண்ணகியே முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடும்படி தீக்கு ஆணையிடுகிறாள். மக்கள் இல்லாத இடத்தில் நாடும் இல்லை, நாடில்லாத இடத்தில் அரசும் இல்லை என்பது கௌடில்யரின் கருத்து; அவரைக் கருணையாளர் என்று யாரும் குறை சொன்னதில்லை.

எதிர்த்தரப்பார் சாந்தி பருவத்தைக் காட்டுவார்கள். வலிய பகைவன் வரும்போது விளைச்சலைக் கோட்டைக்குள் கொண்டுவா, முடியாததை எரித்துவிடு என்று பீஷ்மர் தருமனிடம் சொல்வது உண்மைதான். ஆனால் அதே அத்தியாயத்தில், கிராமங்களைக் கிளப்பி நகர்ப்புறங்களில் குடியேற்றச் சொல்வதும் அவர்தான். ஆளைக் கூட்டிக்கொண்டு, நெல்லையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எரி என்பது பீஷ்மர் வழி. வங்காளத்தில் நெல்லை எடுத்துக்கொண்டு, படகை உடைத்துவிட்டு, ஆளை அங்கேயே விட்டார்கள்.

இன்றைய சட்டமும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை, 54ஆவது பிரிவில், மக்கள் உயிர்வாழத் தேவையான பயிர், கால்நடை, குடிநீர் ஆகியவற்றை அழிப்பதைத் தடுக்கிறது. ஆனால் படையெடுப்பை எதிர்க்கும் நாடு, தன் கட்டுப்பாட்டில் உள்ள தன் மண்ணில், ராணுவத் தேவை கட்டாயப்படுத்தினால் அந்தத் தடையை மீறலாம் என்று அதன் ஐந்தாம் உட்பிரிவு கதவைத் திறந்துவிடுகிறது. ஹெர்பர்ட்டின் அதிகாரிகளும் அந்தக் கதவு வழியாக நுழையத் தயங்கியிருக்க மாட்டார்கள். அழிக்குமுன் அந்த ஊராரை இடம்பெயர்த்து, அடுத்த அறுவடை வரைக்கும் அரிசியும், விதைநெல்லும், தொழில் செய்யக் கருவியும் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி அங்கே சேர வேண்டும். வங்காளத்தை அனுபவித்த இந்தியாவே அதைக் கேட்கத் தகுந்த நாடு. ஆனால் இந்தியா அந்த நெறிமுறையில் இன்றுவரை சேரவே இல்லை.