போன மெயிலில் சொன்னபடி

நேரடியாகத் திட்டாமல் குத்திக்காட்டுவதற்கென்றே அலுவலக மெயில்களில் சில தொடர்கள் புழங்குகின்றன. ‘ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்’ அவற்றில் பேர் போனது. எழுத்தை மட்டும் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. போன மெயிலில் எழுதியிருக்கிறது என்கிற தகவல்தான். படிப்பவர் காதில் விழுவதோ ‘மெயிலைப் படிக்கிற பழக்கம் உண்டா?’ என்ற கேள்வி. எழுதியவரிடம் கேட்டால், ‘நான் தகவல்தானே சொன்னேன்’ என்று தப்பித்துக்கொள்ளலாம். குத்தியதும் உண்மை, குத்தவில்லை என்று சாதிக்க இடமிருப்பதும் உண்மை. இந்த இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அது மறைமுகக் குத்தல். வெளிப்படையான கோபத்துக்குப் பதில் சொல்லிவிடலாம். இதற்குப் பதில் சொன்னால் சொன்னவர்தான் சிடுமூஞ்சி ஆவார்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று விரிந்திருக்கும் தொழில்பகுதியில் இந்தத் தொடர்கள் அடர்த்தியாக விளைவதற்குக் காரணம் இருக்கிறது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் 1998-லும், ரெனோ-நிசான் ஒரகடத்தில் 2010-லும் கார் உற்பத்தியைத் தொடங்கின. டைம்லரின் லாரி ஆலை 2012-ல் வந்தது. இவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் வரிசையாக முளைத்தன. வாகன ஆலைகள் பல பாகங்களைக் கிடங்கில் குவித்து வைப்பதில்லை. சில மணி நேரத்துக்கு வேண்டியது மட்டும் லைனில் இருக்கும், மீதி லாரியில் வந்துகொண்டிருக்கும். ஒரு பாகம் பழுதாக வந்து லைன் நின்றால், நின்ற நேரத்துக்கான பணம் டெபிட் நோட்டாகச் சப்ளையர் தலையில் விழலாம். அப்போது யார் எந்த மணிக்கு யாருக்குச் சொன்னார் என்பதே வழக்கின் சாட்சி. போனில் பேசியது காற்றோடு போய்விடும், மெயில் நிற்கும். ஆகவே ‘போன மெயிலில் சொன்னபடி’ என்று எழுதுபவர் எல்லோரும் வன்மம் பிடித்தவர்கள் அல்ல. நாளைக்குத் தன் பெயர் அடிபடாமல் இருக்க ஒரு முளை அடித்து வைக்கிறார்கள். பதிவு வேண்டும் என்பது நியாயமான தேவை. அந்தப் பதிவோடு குத்தலும் ஒட்டிக்கொண்டு வருவதுதான் தொல்லை.

இந்தப் பகுதியில் எந்த வாரமும் நடக்கக்கூடிய ஒரு மெயில் சங்கிலியை மாதிரிக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாகன ஆலையின் தரப்பிரிவு இன்ஜினியர் திங்கள் காலை சப்ளையருக்கு எழுதுகிறார்: பிராக்கெட்டில் ஓட்டை இடம் மாறியிருக்கிறது, போட்டோ இணைத்திருக்கிறேன், உடனே நடவடிக்கை எடுக்கவும். அன்று மெயிலில் பதில் இல்லை. செவ்வாய் காலை அடுத்த மெயில்: ‘ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில், இன்னும் பதில் இல்லை. இதன் தீவிரம் உங்களுக்குப் புரியும் என நம்புகிறேன்.’ இம்முறை சிசியில் பர்ச்சேஸ் மேனேஜரும் சப்ளையரின் பிளான்ட் ஹெட்டும் ஏறியிருக்கிறார்கள். கால் மணி நேரத்தில் பதில் வருகிறது: ‘ஆஸ் ஆல்ரெடி இன்ஃபார்ம்ட், உங்கள் டீமுக்குப் போனில் நேற்றே சொல்லிவிட்டோம். ட்ரெய்லிங் மெயிலைப் பார்க்கவும்.’ மாலைக்குள் இன்னும் நான்கு மெயில்கள். அவற்றில் எதிலும் பழுதான பாகம் எத்தனை, எந்த லாட், லைனில் நல்ல பாகம் எத்தனை மணி வரை தாங்கும் என்பது இல்லை.

பின்னால் நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். முதல் மெயிலிலேயே லாட் நம்பர் இல்லை. எந்தத் தேதிச் சரக்கைப் பிரித்துப் பார்ப்பது என்று தெரியாமல் சப்ளையரின் ஆள் ஆலை லைன் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டிருக்கிறார். ‘சார், பாத்துச் சொல்றேன்’ என்ற பதிலோடு அது நின்றிருக்கிறது. எந்த மெயிலை இன்ஜினியர் பாடம் போலத் திரும்பிப் படிக்கச் சொன்னாரோ, அந்த மெயிலில் விடை கிடையாது. ‘போன மெயிலில் சொன்னபடி’ என்ற தொடருக்குள் ‘போன மெயில் முழுமையாக இருந்தது’ என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. அதை யாரும் சரிபார்ப்பதில்லை. இந்தத் தொடரை எழுதக் கை போகும்போது, முதலில் போன மெயிலைத் தானே ஒருமுறை திறந்து பார்ப்பது பயன் தரும். கேட்ட கேள்வி மூன்றாம் பத்தியின் நடுவில் புதைந்திருக்கலாம். பெறுநர் வரிசையில் வேலையை விட்டுப் போனவரின் முகவரி இருக்கலாம். இணைக்கிறேன் என்றது இணையாமலே போயிருக்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குத்தலில்லாமல் எழுதும் முறை இதே இன்ஜினியர்களின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. பழுது வந்தால் சப்ளையர் நிரப்பி அனுப்பும் 8டி அறிக்கை அது. 1987-ல் ஃபோர்டு கம்பெனி தன் கையேட்டில் வகுத்த முறையிலிருந்து வந்தது. இன்று வாகனத் தொழில் முழுவதும் புழங்குகிறது. அதன் இரண்டாம் கட்டத்தில் என்ன பழுது, எங்கே, எப்போது, எத்தனை என்று மட்டும் எழுத வேண்டும். மூன்றாவதில் பழுது பரவாமல் உடனே செய்த தடுப்பு, நான்காவதில் மூலகாரணம். மூலகாரணம் என்ற இடத்தில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதினால் எந்த ஆடிட்டரும் ஏற்க மாட்டார். ஆபரேட்டர் தப்பாக மாட்ட முயன்றாலும் மாட்ட முடியாதபடி ஃபிக்ஸ்சரில் ஏன் பின் வைக்கவில்லை என்று கேட்பார். ஆளோடு நின்றுவிடாதே, ஏன் ஏன் என்று உள்ளே போ என்பதுதான் அங்கே விதி. பாகத்தைப் பற்றி இவ்வளவு நாகரிகமாக எழுதத் தெரிந்த கை, மெயில் பெட்டியைத் திறந்ததும் ‘உன் கவனக்குறைவு’ என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது.

மெயிலையும் அதே விதிக்குள் கொண்டுவந்தால் செவ்வாய்க்கிழமை மெயில் இப்படி அமையும்: ‘திங்கள் காலை 10.20-க்கு அனுப்பிய மெயிலின் போட்டோவை மீண்டும் இணைத்திருக்கிறேன். அதில் லாட் நம்பர் விடுபட்டிருந்தது, கீழே கொடுத்திருக்கிறேன். பழுதில்லாத பிராக்கெட் இன்று மாலை 6 மணி வரை லைனுக்குப் போதும். மதியம் 2 மணிக்குள் இரண்டு விஷயம் வேண்டும்: பிரித்துப் பார்க்க இரண்டு ஆட்கள், உங்கள் ஸ்டோரில் இதே லாட் எத்தனை இருக்கிறது என்ற கணக்கு. தடை ஏதும் இருந்தால் போனில் கூப்பிடவும்.’ தேதியும் மணியும் இதிலும் இருக்கின்றன. நாளைக்கு டெபிட் நோட் தகராறு வந்தால் இது முந்தையதை விடவும் உறுதியான சாட்சி. கழன்று போனது பழி மட்டுமே. ‘நீங்கள் பதில் தரவில்லை’ என்ற வாக்கியத்தின் இடத்தில் ‘எனக்கு இது, இந்த மணிக்குள் வேண்டும்’ என்ற வாக்கியம் உட்கார்ந்திருக்கிறது. மாற்றி எழுதுவது என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான்.

குத்தலைக் கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு. சந்தேகப்படும் தொடரை அழித்துவிட்டு மெயிலைப் படிக்க வேண்டும். வேலைக்குத் தேவையான தகவல் எதுவும் குறையவில்லை என்றால் அந்தத் தொடர் வேறு வேலைக்காக வந்தது. ‘தீவிரம் புரியும் என நம்புகிறேன்’ அழிந்தால் யாருக்கும் ஒன்றும் குறையாது. அதன் இடத்தில் ‘6 மணிக்கு லைன் நிற்கும்’ என்று எழுதினால் தீவிரம் தானே புரியும். ‘ஜென்டில் ரிமைண்டர்’ முதல் முறை மென்மையாகத்தான் இருக்கும். தலைப்பில் ‘ரிமைண்டர் 3’ என்று ஏறும்போது அது நினைவூட்டல் அல்ல, மூன்று முறை ஏமாற்றினாய் என்ற குற்றப்பத்திரிகை. தலைப்பில் எண்ணை எடுத்துவிட்டு, எது நிலுவை, எந்தத் தேதிக்குள் என்று போட்டால் போதும். ‘ட்ரெய்லிங் மெயிலைப் பார்க்கவும்’ என்பதற்குப் பதில், அந்த நீண்ட வாலிலிருந்து வேண்டிய இரண்டு வரியை வெட்டி மேலே ஒட்டலாம். அரை நிமிட வேலை அது. பதினைந்து மெயிலை ஸ்க்ரோல் செய்யும் வேலை எதிராளிக்கு மிச்சம்.

சொல்லே இல்லாமல் குத்துவது சிசி. மெயில் பெறுநருக்கு எழுதப்பட்டதாக இருக்கும். உண்மையில் படிக்க வேண்டியவர் சிசியில் இருக்கும் மேலாளர். மதியம் போனில் ‘சார், கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க’, ‘பண்ணிடலாம் பாஸ்’ என்று தமிழில் இதமாகப் பேசிய அதே இருவர், மாலையில் ஆங்கில மெயிலில் முறைத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்: போனில் பார்வையாளர் இல்லை. மேலதிகாரியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், சேர்த்த காரணத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடலாம்: ‘கூடுதல் ஷிப்டுக்கு ஒப்புதல் தேவைப்படுவதால் பிளான்ட் ஹெட்டை இதில் சேர்த்திருக்கிறேன்.’

எல்லாத் தொடரையும் சந்தேகிக்கவும் கூடாது. ஆலைப் பேச்சில் ‘ஆஸ் பெர் டிராயிங்’, ‘ஆஸ் பெர் ஷெட்யூல்’ என்பவை மூச்சுக்கு மூச்சு வரும் சொற்கள். ஸ்டோர்ஸில் இருப்பவர் ‘ஆஸ் பெர் மெயில்’ என்று எழுதினால் பெரும்பாலும் அது வெறும் சுட்டல். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ இங்கே தலைமுறைகளாக வரும் மரியாதைச் சொல். அதே மெயிலைக் கொரியரோ ஜெர்மானியரோ படித்தால் விறைப்பாகத் தோன்றக்கூடும். எழுத்தில் தொனி எவ்வளவு தவறிப்போகும் என்பதை 2005-ல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்ளியும் மற்றவர்களும் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். கேலியா நிஜமா என்பதை மெயிலில் படிப்பவர் நூற்றுக்கு 78 முறை சரியாகக் கண்டுகொள்வார் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள்; நடந்தது 56. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றுத்தான் மேல். ஆகவே ஒரு மெயிலை வைத்து ஆளை முடிவு செய்வது அவசரம். அவர் மற்றவர்களுக்கும் அப்படித்தான் எழுதுகிறாரா, முன்பு நமக்கு வேறு மாதிரி எழுதினாரா என்பதை ஒப்பிட்டால் தெரியும்.

நடுநிலையான சொல்லுக்கும் எல்லை இருக்கிறது. தெளிவாக இரண்டு முறை கேட்டும் பதில் வராதபோது, இன்னும் இனிப்பாக மூன்றாம் முறை கேட்பது வேலையைக் கெடுக்கும். அப்போது வேண்டியது முன்கூட்டியே சொன்ன அடுத்த படி: ‘2 மணிக்குள் கணக்கு வராவிட்டால் மாற்று சப்ளையரிடம் சரக்குக் கேட்க வேண்டியிருக்கும், அதை இரு தரப்பு மேலாளர்களுக்கும் தெரிவிப்பேன்.’ இது கடுமைதான், ஆனால் முகத்துக்கு நேரே சொன்ன கடுமை. இதில் ஒளிந்திருப்பது எதுவும் இல்லை. சொன்னபடி 2 மணிக்குச் செய்தும் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை அது வெறும் மிரட்டலாகிவிடும். குத்தல் மெயில் தன்னை நோக்கி வந்தால், அதில் குத்தலைக் கழித்து மிஞ்சும் கேள்விக்கு மட்டும் பதில் எழுதலாம். ‘ஆஸ் ஆல்ரெடி இன்ஃபார்ம்ட்’ என்று வந்தவருக்கு, ‘நேற்று போனில் பேசியதைக் குறித்துக்கொண்டேன், பிரித்த எண்ணிக்கை இன்னும் வேண்டும்’ என்பது போதுமான விடை. மிஞ்சும் கேள்வியே இல்லை என்றால் பதில் மெயிலே தேவையில்லை. போனை எடுத்துப் பேசிவிட்டு, பேசி முடிவானதை மூன்று வரியில் மெயிலாக அனுப்பி வைத்தால், ஆடிட்டில் கேட்கும்போது காட்டவும் ஒன்று இருக்கும்.