நேர்காணலுக்குப் பின் எழுதும் மொழி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் டிப்ளமோ முடித்தவரை நேர்காணும் மூத்த உற்பத்தி மேலாளர், முதல் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு இயந்திரத்தைப் பற்றிய பேச்சுக்குத் தமிழுக்கு மாறுவது வழக்கமானதே. எனினும் மறுநாள் விண்ணப்பதாரர் அனுப்பும் தொடர்மடல், அதாவது நன்றி கூறி முடிவை வினவும் கடிதம், மின்னஞ்சலாயின் எளிய ஆங்கிலத்தில் அமைவதே நன்று. ஏனெனில் அது மனிதவளப் பிரிவுக்கும், சில ஆலைகளில் தமிழறியாத கொரிய, ஜப்பானிய அதிகாரிகளுக்கும் செல்லக்கூடும். அதில் பெயரை மட்டும் இட்டு விளிப்பது இளையவரிடமிருந்து வருகையில் உறுத்தும் என்பதால், ‘டியர் சார்’ என்பதே பொருந்தும்.

மேலாளரே எண்ணைக் கொடுத்துச் சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தால், தமிழ் எழுத்தில் எழுதுவதே தகும்: “வணக்கம் சார். நேற்று டிரெய்னி பணிக்கான இன்டர்வியூவில் நீங்கள் கேட்ட சான்றிதழை இணைத்துள்ளேன். முடிவு எப்போது தெரியும் என்று தெரிவிக்க இயலுமா?” இங்கே ஆங்கிலச் சொற்கள் கலந்திருப்பது மரியாதையைக் குறைப்பதில்லை, ஆனால் ‘தாங்கள்’ என்று தொடங்கி ‘சொல்லுங்க’ என்று முடியும் மடலில் நடை பிசகுவது உடனே தெரிந்துவிடும், ஆதலால் முதல் வரியில் கொண்ட நடையைக் கடைசி வினைமுற்று வரை காக்க வேண்டும். ஆலைத்தளத்தில் இயல்பாக வழங்கும் ‘அண்ணா’, ‘அக்கா’ என்னும் உறவு விளிகள் நேர்கண்டவருக்கு ஏற்றவையல்ல. பெண் அதிகாரியை, வயது எதுவாயினும், ‘மேடம்’ என்றே அழைக்கலாம்.