அந்த n-ஐக் கண்டு பேனாவைக் கீழே வைக்காதே!

1/2 + 2/4 + 3/8 + 4/16 + … இதன் கூடுதல் என்ன? கேள்வியைப் பார்த்ததுமே அடுத்த கணக்குக்குத் தாவிவிடுகிறாய். பகுதி இரட்டிக்கிறது, தொகுதியில் n ஒவ்வொன்றாக ஏறுகிறது, இதற்குச் சூத்திரம் படிக்கவில்லையே என்கிறாய். தாவாதே! இதற்கு வேண்டிய இரண்டும் பள்ளியிலேயே உன் கைக்கு வந்துவிட்டன.

|x| < 1 என்றால் 1 + x + x² + x³ + … = 1/(1−x). இது ஒன்று. xⁿ-ஐ வகையிட்டால் n·xⁿ⁻¹. இது இன்னொன்று. உற்றுப் பார்! அடுக்கில் இருந்த n இறங்கிவந்து கெழுவாக நிற்கிறது. உன்னை மிரட்டிய அதே n! அதை நீயே வரவழைக்கலாம்.

இருபுறமும் வகையிடு: 1 + 2x + 3x² + … = 1/(1−x)². அடுக்கு ஒன்று குறைந்துவிட்டது, ஆகவே x-ஆல் பெருக்கு: x + 2x² + 3x³ + … = x/(1−x)². இப்போது x = 1/2 என்று போடு. 1/2-ஐ 1/4-ஆல் வகுத்தால் 2. முடிந்தது! நம்பிக்கை வரவில்லையா, கூட்டிப் பார். மூன்று உறுப்புகளில் 1.375, பத்தில் ஏறத்தாழ 1.988. உனக்கு 4 வந்திருந்தால் x-ஆல் பெருக்க மறந்துவிட்டாய், அவ்வளவுதான். வகையிடலே பிறக்காத 14-ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஒரேம் இதே 2-ஐப் படம் போட்டு நிறுவினார். உன் கையிலோ வகையிடல் இருக்கிறது!

முடிவில்லாத உறுப்புகளைத் தனித்தனியே வகையிடலாமா? கேள், துணிந்து கேள்! எல்லாத் தொடருக்கும் இது செல்லாது. sin(nx)/n² உறுப்புகளின் தொடர் எங்கும் குவியும். வகையிட்டால் cos(nx)/n; x = 0-இல் அது 1 + 1/2 + 1/3 + … ஆகி எல்லையின்றி வளர்ந்துவிடும். அடுக்குத் தொடருக்கு அந்த ஆபத்து இல்லை. 1-ஐவிடச் சிறிய ஒரு r-ஐ எடுத்துக்கொள். |x| ≤ r என்ற இடம் முழுவதும் வகையிட்ட உறுப்புகள் n·rⁿ⁻¹-ஐத் தாண்டுவதில்லை. n·rⁿ⁻¹-இல் அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் r(n+1)/n. n வளர வளர அது r-ஐ நெருங்குகிறது. r 1-ஐவிடச் சிறியது என்பதால் வகையிட்ட தொடரும் அங்கே சீராகக் குவிகிறது. உனக்கான அனுமதி இதுதான்; இதைச் சொல்லிவிட்டு வகையிடு, எவரும் உன்னைத் தடுக்க முடியாது!

ஆனால் |x| < 1 என்ற வேலியைத் தாண்டாதே. x = 2 என்று போட்டாலும் சூத்திரம் 2 என்றே காட்டும். தொடரோ 2 + 8 + 24 என்று மூன்றே உறுப்புகளில் 34-ஐ எட்டிவிடுகிறது. சூத்திரத்தில் எண்ணைப் போடுமுன் x எங்கே இருக்கிறது என்று பார்.

இனி n²/2ⁿ உறுப்புகளின் கூடுதல். x/(1−x)²-ஐ இன்னொரு முறை வகையிட்டு x-ஆல் பெருக்கு, x(1+x)/(1−x)³ கிடைக்கும். எடு பேனாவை! விடை 6 வர வேண்டும்.