விடைபெறும் சொல்லின் அளவு

ஒருவர் தம் குடும்பத்தாரோடு முரண்பட்டுப் பிரியுங்கால், பிரிவதற்கான காரணத்தைச் சொல்லியே ஆகவேண்டுமா? சொல்லாதுவிடின் அது மறைப்பு ஆகாதா? இவ்வினா பழையது, ஆயினும் அண்மையில் இரத்மலானையில் என் சின்னம்மாவின் வீட்டில் அது புதியதோர் உருவில் எழுந்தது.

1983 யூலைக்குப் பின் எங்கள் குடும்பம் இரத்மலானை, வெள்ளவத்தை, இலண்டன், ரொறன்ரோ எனச் சிதறியது. அதனை மீண்டும் ஒரு முற்றத்தில் கூட்டியது சின்னம்மா தொடங்கிய வாட்ஸ்அப் குழு. அம்மம்மாவைப் பராமரிப்பவரும் அவரே. மருந்துச் செலவின் கணக்கை ரொறன்ரோவிலிருக்கும் பெரிய மாமா குழுவில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். கேட்டதில் தவறில்லை, கேட்ட இடமே தவறு. மருமக்கள் ஆளுக்கொரு பக்கம் பேச, இரண்டு நாளில் அது வழக்காடு மன்றமாயிற்று.

சின்னம்மா விலகத் தீர்மானித்து எழுதிய முதல் மடல் மிக நீண்டது. பற்றுச்சீட்டுகளின் விவரமும் இருபது ஆண்டு மனத்தாங்கலும் அதில் இருந்தன. யாவும் உண்மையே. எனினும் அதனை அனுப்ப வேண்டாம் என்றேன். குற்றஞ்சாட்டிவிட்டு உடனே வெளியேறுபவர், மற்றவரின் மறுமொழியைக் கேட்கும் கடமையிலிருந்து தப்பிவிடுகிறார். கேட்பவரில்லாத இடத்தில் மறுப்பவன் என் செய்வான்? உண்மையேயாயினும், பதிலுக்கு இடமளியாத சொல் நீதியான சொல்லன்று. கணக்கைத் தனியே மாமாவுக்கு அனுப்பலாம். அங்கே அவர் மறுமொழி கூற முடியும்.

இரண்டாவது மடல் சிறியது: "வேலை கூடிப்போச்சு, அதனால் விலகுகிறேன்." இது பொய். நாடகமின்றிப் பிரிய விரும்புவோர் பெரும்பாலும் இதனையே நாடுகின்றனர். ஆனால் யாவரும் பொய்யென அறிந்த காரணம், சொல்லாத காரணத்தைவிடக் கூடுதலாகப் பேசப்படும். ஜேர்மனியத் தத்துவஞானி காண்ட் 1766 இல் மெண்டல்சோனுக்கு எழுதிய கடிதத்தில், தாம் உறுதியாக எண்ணும் பலவற்றைச் சொல்லத் தமக்குத் துணிவு வராது, ஆனால் எண்ணாத ஒன்றை ஒருபோதும் சொல்வதில்லை என்ற கருத்தை வெளியிட்டார். வாய்மைக்கும் மௌனத்திற்கும் இடையில் பகையில்லை என்பது இதனாற் பெறப்படும். காரணம் கூறாமை வேறு, பொய்க்காரணம் கூறல் வேறு.

அப்படியாயின் ஒன்றுமே சொல்லாது போய்விடலாமே எனலாம். 2022 இலிருந்து, ஒருவர் விலகுவது நிர்வாகிகளுக்கு மட்டுமே அறிவிக்கப்படுகிறது. ஆனால் அண்மையில் விலகியோர் பட்டியலை உறுப்பினர் எவரும் அறுபது நாள்வரை காணலாம். ஆகவே மௌனம் மறையாது. தாமதமாகத் தெரியவரும், அவ்வளவே. அதற்குள் அவரவர் ஒரு பொருளை அதற்குக் கற்பித்துவிடுவர். மேலும் அம்மம்மாவின் சுகநலம் அறியும் வழி அக்குழுவே. அதனை அறுப்பவர் வேறு வழி காட்டக் கடமைப்பட்டவர்.

இறுதியில் அவர் அனுப்பியது இது: "எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தக் குழுவிலிருந்து விலகுகிறேன். அம்மாவின் விடயங்களை அண்ணாவுக்கும் தம்பிக்கும் நானே தொலைபேசியில் சொல்லுவேன். போய்வருகிறேன்."

கடைசிச் சொல்லைக் கவனிக்க. நம்மவர் வீட்டுப் படியிறங்குகையில் 'போகிறேன்' எனச் சொல்வதில்லை. திரும்புதல் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. சின்னம்மா அதனை வேண்டுமென்றே இட்டார். உறவிலிருந்தன்று, அவ்விடத்திலிருந்தே தாம் நீங்குவதாக விளக்க வேறு வாக்கியம் தேவைப்படவில்லை. 'மனம் நொந்து' என்ற தொடரை நான் சேர்க்கச் சொன்னேன், அவர் மறுத்தார். அவர் மறுத்ததே சரி. அத்தொடர் இருந்திருப்பின் ஆறுதல் சொல்ல வருவோர் ஒருபுறமும், 'யார் நோகடித்தது?' என்போர் மறுபுறமும் திரண்டிருப்பர்.

செயல்முறையிலும் சில நுட்பங்கள் இருந்தன. குழுவின் ஒரே நிர்வாகி அவர். அப்படியே விலகியிருப்பின் அப்பொறுப்பு யாரேனும் ஒருவர் தலையில் தானாகவே விழுந்திருக்கும். எனவே முதலில் பெரிய மாமாவை நிர்வாகியாக்கினார். சண்டை நடந்த இரவிலே எழுதியதை மறுநாள் மாலை ஏழு மணிக்கே அனுப்பினார். கோடைகாலமாதலால் அப்போது ரொறன்ரோவில் காலை ஒன்பதரை, இலண்டனில் பிற்பகல் இரண்டரை. ஒருவரும் உறக்கத்தில் இல்லை. சகோதரர் இருவரும் வாசித்துவிட்டதைச் செய்தியின் விவரப் பகுதியிற் கண்ட பின்னரே வெளியேறினார். அதற்கிடையில் 'ஏன் அக்கா?' என்று ஒருவர் கேட்டார். "பிறகு கதைப்பம்" என்றார், அவ்வளவே.

எல்லாம் சீராயிற்று என எழுதினால் நானும் பொய்யுரைத்தவனாவேன். சின்ன மாமா அன்றிரவே அழைத்தார். பெரிய மாமா ஆறு வாரம் அழைக்கவில்லை. அந்த ஆறு வாரமும் ஞாயிறுதோறும் சின்னம்மாவே அவரை அழைத்து, அம்மம்மாவின் சீனி அளவையும் உறக்கத்தையும் சொல்லி, ஒரு நிமிடத்தில் வைத்துவிடுவார். ஏழாவது ஞாயிறு அழைப்பு அங்கிருந்து வந்தது. கணக்கைப் பற்றி இருவரும் இன்னும் பேசவில்லை.