எட்டுப் பரோட்டாவும் நான்கு பங்கும்

நண்பர்கள் சேர்ந்து சாப்பிட்ட ஹோட்டல் பில்லைப் பிரிக்க இரண்டு வழிகள் உண்டு. மொத்தத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பது ஒன்று. அவரவர் சாப்பிட்டதை அவரவர் கணக்கில் எழுதி, சேர்ந்து சாப்பிட்டதைச் சாப்பிட்டவர்களுக்குள் மட்டும் பங்கிடுவது மற்றொன்று. முதலாவது அரை நிமிட வேலை. இரண்டாவதற்குப் பில்லின் தெளிவான படம் ஒன்றும் பத்து நிமிடப் பொறுமையும் வேண்டும். சாப்பிட்டதில் பெரிய வித்தியாசம் இருக்கும்போது இரண்டாவதுதான் நியாயமானது.

திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டுக் குலசேகரத்தில் சாப்பிட உட்காரும் நான்கு பேரை உதாரணமாகக் கொள்ளலாம். ஒருவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர், ஒருவர் ஆசிரியர், ஒருவர் கல்லூரி மாணவர். நான்காமவர் சைவம் மட்டும் சாப்பிடும் கடைக்காரர். பில்லில் இருப்பவை: பரோட்டா எட்டு, 15 ரூபாய் வீதம் 120. பீஃப் ரோஸ்ட் இரண்டு, 300. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் 130. மசால் தோசை 80. கோபி மஞ்சூரியன் 120. சாயா மூன்று, 45. லைம் ஒன்று, 25. கூட்டினால் 820. ஜி.எஸ்.டி. 41 சேர்த்து மொத்தம் 861 ரூபாய்.

பிரிக்கத் தொடங்குமுன் படத்தைச் சரிபார்க்க வேண்டும். பில் அச்சிடும் தாள் வெப்பத்தால் எழுத்து தோன்றும் வகை. வெயிலில் நிற்கும் காரிலோ சட்டைப் பையிலோ கிடந்தால் மங்கிவிடும். அதனால் மேசையிலேயே மடிப்பை நீவிவிட்டு, நிழல் விழாமல், ஓட்டலின் பெயர் முதல் மொத்தத் தொகைவரை ஒரே படத்தில் எடுத்துவிடுவது நல்லது. பின்னால் படத்தைப் பார்த்துக் கணக்கு எழுதும்போது அதிகம் நேரும் பிழை, எண்ணிக்கை, விலை, தொகை என்ற மூன்று வரிசைகளில் விலையைத் தொகையாக எடுத்துக்கொள்வது. வரி சேர்க்கும் முன் உள்ள கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால் இது உடனே தெரிந்துவிடும். எழுதியவை 820 வராமல் 715 வந்தால் 105 குறைகிறது. பரோட்டாவுக்கு 120 என்பதற்குப் பதில் 15 எழுதப்பட்டிருக்கிறது என்பதை அந்த 105-ஏ காட்டிவிடும். கூட்டு சரியாக வந்தும் கணக்கு உதைத்தால், மேசைக்கு வராத ஒன்று பில்லில் ஏறியிருக்கலாம். அதைக் கல்லாவில் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போனபின் கேட்டுப் பயனில்லை.

அடுத்தது பெயர் எழுதுவது. பரோட்டாவில் பால் வெட்டுபவர் நான்கு, ஆசிரியரும் மாணவரும் இரண்டிரண்டு. ரோஸ்ட்டை அந்த மூவரும் பகிர்ந்தார்கள், ஆளுக்கு 100. மஞ்சூரியன் நால்வருக்கும் பொது, ஆளுக்கு 30. கிழங்கும் மீன்கறியும் ஆசிரியருடையவை. தோசை கடைக்காரருக்கு. லைம் மாணவருக்கு, சாயா மற்ற மூவருக்கு. இப்படி எழுதினால் பால் வெட்டுபவருக்கு 205, ஆசிரியருக்கு 305, மாணவருக்கு 185, கடைக்காரருக்கு 125. நான்கும் சேர்ந்தால் 820.

வரியைத் தலைக்குச் சமமாகப் போடக் கூடாது. அது உணவின் விலைமேல் ஏறுவதால் விலைக்கேற்பவே பிரிய வேண்டும். 2017 நவம்பர் 15 முதல் சாதாரண உணவகங்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பில்லில் அது மத்திய வரி, மாநில வரி என இரண்டரை இரண்டரையாகப் பிரிந்து நிற்கும். ஆகவே ஒவ்வொருவர் தொகையையும் 1.05-ஆல் பெருக்கினால் போதும்: 215.25, 320.25, 194.25, 131.25. கூட்டினால் சரியாக 861. தள்ளுபடி மொத்தத்தில் கழிக்கப்பட்டிருந்தால் அதற்கும் இதே விகிதம்தான். சில சிறிய கடைகளின் பில்லில் வரி என்ற வரியே இருக்காது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்து தொகுப்புத் திட்டத்தில் சேர்ந்த கடைகள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது என்பதே சட்டம். அங்கே கூட்டுத்தொகையே முழுக் கணக்கு.

பைசாவை விட்டு முழு ரூபாயாக்கினால் 215, 320, 194, 131 என்று 860-தான் வரும். மீதி ஒரு ரூபாயைப் பெரிய பங்குக்காரர் ஏற்றுக்கொள்வது வழக்கமான தீர்வு. பரிமாறியவருக்கு மேசையில் வைக்கும் பணம் வேறு வகை. ஓடியாடியது நால்வருக்காகவும்தான். அதைச் சமமாகப் போடலாம்.

இனி சமப் பங்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 861-ஐ நான்கால் வகுத்தால் 215 ரூபாய் 25 பைசா. பால் வெட்டுபவருக்கு இரண்டு வழியிலும் ஒரே தொகை. அவர் எதையும் உணரமாட்டார். மாணவருக்கு 21 ரூபாய் கூடுகிறது. ஆசிரியருக்கு 105 ரூபாய் மிச்சம். அதில் 84 ரூபாயைக் கொடுப்பவர், ஒரு தோசையும் சாயாவும் கொஞ்சம் மஞ்சூரியனும் சாப்பிட்ட கடைக்காரர். ஆசிரியர் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனாலும் இறைச்சியைத் தொடாத ஒருவர் மற்றவர்களின் ரோஸ்ட்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்.

சமப் பங்கு என்று முன்கூட்டியே தெரிந்தால் சாப்பாடும் மாறிவிடுகிறது. யூரி க்னீசி, எர்னன் ஹருவி, ஹடாஸ் யாஃபே ஆகியோர் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஓர் உணவகத்தில் நடத்திய ஆய்வு 2004-இல் வெளியானது. ஒருவரையொருவர் அறியாத ஆறு பேரை ஒரு மேசையில் உட்காரவைத்தார்கள். அவரவர் பணம் அவரவர் என்றபோது தலைக்குச் சராசரியாக 37 ஷெக்கலுக்குச் சாப்பிட்டவர்கள், சமப் பங்கு என்றதும் 51 ஷெக்கலுக்குச் சாப்பிட்டார்கள். அவர்கள் அந்நியர்கள். நண்பர்களுக்குள் கூச்சம் இதைக் கொஞ்சம் அடக்கும். ஆனால் அதே கூச்சம்தான் குறைவாகச் சாப்பிட்டவரின் வாயையும் அடைக்கிறது. எண்பது ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறான் என்ற பேச்சு வருமே என்று அவர் பணத்தை அனுப்பிவிடுவார். அடுத்த தடவை வேலை இருக்கிறது என்று வராமலும் இருந்துவிடுவார்.

பொதுத் தட்டில்தான் கணக்கு உண்மையில் சிக்கலாகிறது. மாணவர் ரோஸ்ட்டில் இரண்டு துண்டும் கொஞ்சம் மசாலாவும் மட்டும் எடுத்திருந்தால் 100 ரூபாய் அவருக்கு அதிகம். அவரை அரைப் பங்காகக் கொண்டால் மொத்தம் இரண்டரைப் பங்கு. மற்ற இருவருக்கும் 120, மாணவருக்கு 60. வரிக்கு முன் அவருடைய தொகை 145-ஆகக் குறைகிறது. முழுப் பங்கு, அரைப் பங்கு, பங்கே இல்லை என்ற மூன்று நிலைகள் போதும். துண்டுகளை எண்ணத் தொடங்கினால் நட்பு கசந்துவிடும். சும்மா ருசி பார் என்று ஒருவர் மற்றவர் தட்டில் வைத்த ஒரு துண்டுக்குப் பங்கு போடுவதும் முறையல்ல. அது கொடுத்தவருடைய அன்பு.

எல்லா மேசைக்கும் இந்தக் கணக்கு தேவைப்படாது. ஏறக்குறைய ஒரே மாதிரி சாப்பிட்டவர்கள் சமமாகவே பிரிக்கலாம். வாரம்தோறும் மாறி மாறி ஒருவர் கொடுக்கும் கூட்டத்துக்குப் பில்லே தேவையில்லை. பிறந்தநாள் என்று அழைத்தவர் இருந்தால் அது அவருடைய விருந்து. கணக்கு வேண்டியது, வருமானமும் பசியும் வெவ்வேறாக உள்ள நால்வர் ஒரே பில்லைப் பிரிக்கும்போதுதான். அங்கே பேச்சைத் தொடங்க வேண்டியவர் அதிகம் சாப்பிட்டவரே. குறைவாகச் சாப்பிட்டவர் கேட்டால் கஞ்சத்தனமாகத் தெரிவது, அதிகம் சாப்பிட்டவர் சொன்னால் அப்படித் தெரியாது. ஆகவே மேசையில் பெரிய பங்கு யாருடையதோ, அவர் பில்லைத் தன் கைப்பேசியில் படமெடுத்து, கை கழுவி வருவதற்குள் அவரவர் தொகையை எழுதி மற்றவர்களுக்கு அனுப்பிவிடட்டும்.